திருப்பிக் கொடுக்கும் மணல்

கழிமேட்டுக் குப்பத்தில் ஆற்று முகத்துவாரம் அடைத்துக்கொள்வது புதிய சங்கதி இல்லை, வருஷா வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைந்து அலை மணலைத் தள்ளிக்கொண்டு வரும்போது அது அடைத்துக்கொள்ளும், வருஷா வருஷம் பத்து ஆம்பளைகள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள், உள்ளே உப்பங்கழியில் கட்டிக் கிடக்கும் படகுகள் மறுபடி கடலுக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆவணியில் பத்துப் பேர் வெட்டி எறிந்த மணல் மறுநாள் விடிவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பி வந்ததோடு நிற்காமல் தன் கூடவே இன்னொரு பங்கு மணலையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. இருபது பேர் போனார்கள், நாற்பது பேருக்கான மணல் வந்தது. அதன் மேல் ஒரு காலடித் தடம் இல்லை, ஒரு நண்டு வளை இல்லை, வெட்டியவர்கள் மறந்துவிட்டுப் போன மண்வெட்டிகள் மட்டும் உச்சியில் வரிசையாகக் குத்தி நின்றன.

சரி, மனுஷக் கைக்குத்தான் இந்த மணல் மசியாது போல என்று ஊர்த் தலைமை பார்க்கும் நாட்டார் பஞ்சநாதம் ஜேசிபி ஒன்றை வரவழைத்தார். அது நல்ல நேரம் பார்த்து, காலை எட்டரைக்குப் பூசணிக்காய் உடைத்து, சாயங்காலம் வரை உறுமி உறுமி அள்ளியது. மறுநாள் பார்த்தால் அங்கே நிஜமாகவே ஒரு குன்று நின்றது, குன்றின் உச்சியில் ஜேசிபி நின்றது, ஜேசிபிக்குள் அதன் டிரைவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவனை ஏணி வைத்து இறக்கி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், வண்டியை இறக்கத்தான் வழி தெரியவில்லை.

ஊர் என்பது எதையும் செரித்துவிடும் வயிறு. ஒரு வாரத்தில் பிள்ளைகள் குன்றில் சறுக்கி விளையாடக் கற்றுக்கொண்டார்கள், உச்சியில் செல்போனுக்கு நல்ல சிக்னல் கிடைப்பதாகத் தெரிந்து வெளிநாட்டில் புருஷன் இருக்கும் பெண்கள் எல்லாம் அங்கே ஏறிப் போய்ப் பேசினார்கள், டீக்கடைக் கலியமூர்த்தி அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் ஜேசிபியின் நிழலில் கடை போட்டான். பக்கத்து ஊரிலிருந்து ஒரு கல்யாண ஜோடி போட்டோ பிடிக்க வந்தது. மணல் ஏன் திரும்பி வருகிறது என்று முதல் நாளோடு கேட்பதை விட்டுவிட்டார்கள், எத்தனை பங்கு வரும் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஆள், வைரக்கண்ணு. அவர் படகுக்காரர், ஊர்ப் பஞ்சாயத்தின் செயலாளரும் கூட, நாற்பத்தேழு வயது, சந்தேகம் என்பது அவருக்குப் பசி மாதிரி, வேளா வேளைக்கு வந்துவிடும். மீனை வாங்கினால் செவுளை மூன்று தடவை புரட்டுவார், யாராவது அதிகமாக நலம் விசாரித்தால் இவனுக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று யோசிப்பார். ஆனால் இந்தத் தடவை அவரைக் குறை சொல்ல முடியாது. முகத்துவாரம் அடைபட்டதால் கழித் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நாளுக்கு ஒரு விரல் ஏறிக்கொண்டிருந்தது, ஐப்பசி மழையில் ஆறு பெருகி வந்தால் தாழ்வில் இருந்த முப்பது வீடுகள் முழுகும், அந்த முப்பதில் முதலாவதாக முழுகப்போவது அவருடைய வீடு. அந்த வீட்டுக்குள் அவர் மனைவி அஞ்சலை, போன வருஷம் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தவள், கட்டிலில் கிடந்தாள். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போகிறேன் என்றால், "பத்துப் பேரு பாக்க என்னை மூட்டையாட்டம் தூக்காத, இங்கயே கெடந்து போறேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவர் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார், தண்ணீர் ஏற ஏற இன்னொரு செங்கல் வைத்தார்.

யாரோ செய்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதலில் பக்கத்து ஊர்க்காரர்களைச் சந்தேகப்பட்டார், பிறகு இறால் பண்ணைக்காரரை, பிறகு, குன்றால் லாபம் பார்க்கிறவன் அவன்தானே என்று, கலியமூர்த்தியை. கடைசியில் அவர் சந்தேகம் கோகிலத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது, அதன் பிறகு அங்கிருந்து நகரவில்லை.

கோகிலம் அவருடைய பெரியப்பா மகனின் விதவை, வயதில் அவரைவிட இரண்டு குறைவு, முறைக்கு அண்ணி. பினாங்கில் ஒரு சீனக் குடும்பத்தில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்து, தொட்டிலில் இருக்கும்போதே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து வளர்ந்தவள். முகம் சீனம், பேச்சு தமிழ், அதுவே கழிமேட்டாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பினாங்கில் புருஷன் செத்த பிறகு ஊரில் அவனுக்கு இருந்த வீட்டில் இருக்கலாம் என்று வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. அவள் பெட்டியை இறக்கிய வாரந்தான் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. போதாததற்கு அவள் தினமும் மத்தியானம் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மணல் மேட்டின் தென்கோடிக்குப் போய், ஒன்றுமே செய்யாமல், பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமே செய்யாமல் ஒரு மனுஷி எப்படி மூன்று மணி நேரம் உட்கார முடியும்?

ஒரு மத்தியானம் அவர் நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"அண்ணி, தினம் இங்க ஒக்காந்து என்னா பாக்குறீங்க?"

"தண்ணிய பாக்குறேன், தம்பி."

"தண்ணிதான் ஊடு பூரா இருக்குதே. இங்க வந்து பாக்குறதுக்கு என்னா இருக்குது?"

"அது எங்க போவ நெனைக்குதுன்னு பாக்குறேன்." அவள் குடையைச் சற்றுச் சாய்த்து அவருக்கும் நிழல் கொடுத்தாள். "எங்க பெத்த அப்பாரு கடைக்குப் பின்னாடி சின்னதா ஒரு கோயில் வச்சிருந்தாரு. லீவு நாள்ல வளத்தவங்க என்னை அங்க வுடுவாங்க. அங்க இருக்குறவங்க தாவோன்னு ஒண்ணு சொல்லுவாங்க. வழின்னு அர்த்தம்."

"சாமி பேரா?" வைரக்கண்ணுவின் புருவம் ஏறியது. மந்திரம் என்ற சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"கோயில்ல சாமிங்க இருக்கும், ஆனா தாவோ சாமி இல்ல. யாருக்கும் உத்தரவு போடாது, கும்புட்டாதான் ஆச்சுன்னும் நிக்காது. அலை வருது, போவுது, நெலா வளருது, தேயுது, வெதை மொளைக்குது, இது எல்லாம் யாரும் தள்ளாம தானா நடக்குது இல்லியா, அந்த நடப்புக்குத்தான் அப்படிச் சொல்லுறாங்க. அந்தப் பேரு கூட நாம பேசிக்க வச்சதுதான். பேருக்குள்ள அது அடங்காது."

"அதுக்கும் மணலுக்கும் என்னா?"

"மனுசன் மட்டுந்தான் அந்த நடப்புக்கு எதுக்க நின்னு தள்ளுறான். தள்ளாம செய்யுறதுக்கு வூ வெய்னு சொல்லுவாங்க. மெனக்கெடாத வேலை."

"அதாவது சும்மா இருக்குறது."

"அதான் இல்ல லா," என்று அவள் பினாங்கு வழக்கில் இழுத்துச் சிரித்தாள். "நீங்க படகு ஓட்டுறவங்க, ஒங்களுக்கா தெரியாது? கரையில அலை ஒடையுற எடத்தத் தாண்டுறப்போ என்னா செய்வீங்க? எஞ்சின முறுக்கிக்கிட்டு அலை மூஞ்சியில போயி முட்டுவீங்களா?"

"முட்டுனா படகு கவுந்துரும். பெரிய அலை நாலஞ்சு அடிச்சு முடிக்கும், அப்பறம் கொஞ்சம் அடங்கும். அந்த சந்துல போவணும்."

"காத்திருக்குறப்போ சும்மாவா இருக்கீங்க?"

"சும்மா எங்க இருக்குறது? கண்ணு அலையில, கையி எஞ்சின்ல."

"சந்து வந்ததும் யோசிப்பீங்களா?"

"யோசிச்சா போச்சு. கையி தானா திரும்பும்."

"அதான் தம்பி வூ வெய். கையக் கட்டிக்கிட்டுக் கெடக்குறது இல்ல. அதது போற போக்கத் தெரிஞ்சுக்கிட்டு, சமயத்துல, வேணுங்கிற மட்டும் கையி வைக்கிறது. பெரும்பாரத்த அதுவே தூக்கிக்கும். வேலை முடிஞ்சா நான் செஞ்சேன்னு நிக்காம வெலகிக்கிறது. சிக்குன வலைய எடுக்குறப்போவும் அப்படித்தான செய்யுறீங்க, இழுத்தா இன்னும் இறுகும்னு தளத்தி வுட்டுத் தளத்தி வுட்டு எடுக்குறீங்க. கடல்ல எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க, கரையில ஏறுனதும் மண்வெட்டியும் பூசணிக்காயுமா நிக்கிறீங்க."

வைரக்கண்ணுவுக்கு அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அவருக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

"அப்ப நீங்களே தெறந்து வுடுங்களேன்."

"இன்னும் சமயம் வரல. வந்தா யாரு வேணாலும் தெறக்கலாம்."

அன்று சாயங்காலமே அவர் ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னார், தான் கேட்டதையும் அவள் சொன்னதையும், நடுவில் தன் சந்தேகத்தையும். கூட்டம் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவும் திரும்பி வருகிறது, அப்படியானால் தள்ளாமல் இருந்தால் மணல் போய்விடும் என்று பஞ்சநாதம் தீர்ப்பாகச் சொன்னார், அது தீர்மானமாக எழுதப்பட்டது, இனிமேல் கழிமேட்டில் ஒருவரும் ஒன்றும் செய்யக் கூடாது, செய்தால் ஊர் நடுவில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுநாள் முதல் ஊர் சும்மா இருக்க ஆரம்பித்தது. அடடா, அந்தச் சும்மாவைப் பார்க்க வேண்டுமே! ஆம்பளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், பெண்கள் வலையைக் கூடத் தைக்காமல் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள், யார் சும்மா இல்லை என்று கண்டுபிடிக்கத் தெருவுக்கு இரண்டு பேர் காவலாகச் சும்மா இருந்தார்கள், யாராவது முதுகைச் சொறிந்தால் அதையும் விசாரித்தார்கள். ஊரே தாடை வலிக்கத் தூங்கி எழுந்தது. நாலாம் நாள் குன்று முன்னைவிட ஒரு பனை உயரம் கூடியிருந்தது.

கோகிலம் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சும்மா இருக்கணும்னு மெனக்கெட்டா அதுவும் மெனக்கெடறதுதானே? தூக்கம் வரணும்னு கண்ண இறுக்கி மூடுனா தூக்கமா வரும்?" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நம்மை ஏமாற்றிவிட்டாள், நம்மைச் சும்மா உட்கார வைத்துவிட்டு மணலை ஏற்றிவிட்டாள் என்று முடிவு செய்து, அவள் கரைப் பக்கமே வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். கோகிலம் பிழைப்புக்கு வைத்திருந்த தையல் மெஷினோடு வீட்டுக்குள் இருந்துகொண்டாள். அவள் உட்காரும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது, அங்கே உட்கார்ந்து கண்டுபிடிக்கிறேன் என்று வைரக்கண்ணு தானாகவே அந்தக் காவலை ஏற்றுக்கொண்டார்.

அவர் பத்தொன்பது நாள் அங்கே உட்கார்ந்தார். முதல் நாலு நாள் மணலைத் தோண்டித் தகடு, எலுமிச்சம்பழம் ஏதாவது புதைத்திருக்கிறாளா என்று பார்த்தார், தோண்டிய குழியெல்லாம் மறுநாள் மேடாக இருந்ததும் தோண்டுவதை விட்டார். பிறகு பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் தண்ணீரைப் பார்த்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை எட்டு, எட்டரைக்குக் கடல் ஏறி வந்து மேட்டில் மோதி மணலை உள்ளே தள்ளுவதைப் பார்த்தார், ஊர் நல்ல நேரம் பார்த்து வெட்டப்போன நேரமெல்லாம் அதுதான் என்பது அவருக்குச் சுருக்கென்று பட்டது. அதே நாட்களில் மத்தியானம் மூன்று மணிக்குக் கடல் மற்ற நாளைவிடக் கீழே வற்றிப் போவதைப் பார்த்தார். அந்த நேரத்தில் உள்ளே கழித் தண்ணீர் மேலே இருந்தது, வெளியே கடல் ஓர் ஆள் உயரம் கீழே இருந்தது, நடுவில் மணல் மட்டுந்தான். பழைய முகத்துவாரம் இருந்த இடத்தில், எல்லோரும் வெட்டிய இடத்தில், குன்று தடித்துக் கிடந்தது. இந்தத் தென்கோடியில் மேடு தாழ்ந்து, நாற்பது தப்படிக்கு ஒடுங்கி, கடல் பக்கத்துச் சரிவில் ஒரு முழ அகலத்துக்கு மணல் எப்போதும் ஈரமாகவே இருந்தது. கழித் தண்ணீர் அங்கே அடியில் கசிந்து தனக்கான இடத்தைத் தானே பார்த்து வைத்திருந்தது. இதையெல்லாம் அவர் கற்றுக்கொள்ள நினைக்கவில்லை, திருடியைப் பிடிக்கத்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் பத்தொன்பது நாளில் அது மழைத் தண்ணீர் கூரையில் ஊறுவது மாதிரி அவருக்குள் ஊறிவிட்டது.

ஐப்பசி அமாவாசை வந்தது. மேற்கே இரண்டு நாளாக மழை, ஆறு செந்நிறமாக இறங்கி வந்தது, வைரக்கண்ணு அன்று காலை ஐந்தாவது செங்கலை வைத்தார், அதற்கு மேல் வைத்தால் கட்டில் நிற்காது. அஞ்சலை கையைத் தொங்கப்போட்டால் தண்ணீர் விரலில் பட்டது. அவள் விரலை நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதை அவரால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு ஐந்து ஊர் ஆட்கள், இருநூறு மண்வெட்டி, நாலு ஜேசிபி என்று பஞ்சநாதம் ஏற்பாடு செய்திருந்தார். நானூறு மண்வெட்டிக்கும் எட்டு ஜேசிபிக்கும் உண்டான மணல் வந்து உட்கார்ந்தால் ஊரே இல்லை என்று வைரக்கண்ணுவுக்குத் தெரிந்தது, ஊருக்குந்தான் தெரிந்தது, ஆனாலும் வேறு என்ன செய்வது என்று தெரியாத பயத்தில் எல்லோரும் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அவர் பழக்க தோஷத்தில் தென்கோடிக்குப் போனார். மண்வெட்டி எடுத்துப் போகவில்லை. உட்காரவும் இல்லை. கடல் வற்றிப்போய் அடி மணல் வரை தெரிந்தது, கழி விளிம்பு வரை நிறைந்து மேட்டின் உதட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்போது அஞ்சலையின் நினைப்பும் இல்லை, கோகிலத்தின் நினைப்பும் இல்லை, யார் செய்தார்கள் என்ற கேள்வி கூட எங்கோ போய்விட்டிருந்தது, படகில் நின்று அலைச் சந்து திறக்கும்போது கை திரும்புமே, அது மாதிரி அவர் கழியின் உதட்டில் வலது குதிகாலை ஊன்றி, மெதுவாகக் கடல் பக்கம் பார்த்து நடந்தார். ஊன்றிய இடத்தில் மணல் இளகியது. குதிகால் அகலத்தில் ஒரு கோடு அவர் பின்னால் வந்தது, கோட்டுக்குள் ஒரு நூல் தண்ணீர் வந்தது, ஈரச் சரிவை அடைந்ததும் அது அவரை முந்திக்கொண்டு கீழே ஓடியது.

நூல் கயிறானது. கயிறு பக்கத்து மணலைக் கரைத்துக்கொண்டு ஒரு முழமானது, கரை பொத்துப் பொத்தென்று இரண்டு பக்கமும் விழுந்தது, விழுந்த மணலைத் தண்ணீரே தூக்கிக்கொண்டு போனது. அவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார், அதற்கு மேல் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. அரை மணியில் இரண்டு ஆள் அகலம், ஒரு மணியில் ஒரு படகு அகலம், நாலரை மணிக்குக் கழி முழுக்க ஒரே சத்தமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, குன்று அடியில் கரைந்து கரைந்து உட்கார, ஜேசிபி தொட்டிலில் பிள்ளையை இறக்குவது மாதிரி அலுங்காமல் தரைக்கு வந்தது. கலியமூர்த்தி அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மறுநாள் விடிந்து பார்த்தபோது ஒரு பிடி மணல் கூடத் திரும்பி வந்திருக்கவில்லை.

ஊர் இரண்டு நாள் சந்தோஷப்பட்டது. மூன்றாம் நாள் கூட்டம் போட்டது.

"ஊரே சேந்து வெட்டியும் ஆவாதது, ஒத்தக் காலால ஆச்சுன்னா எப்படிய்யா?" என்று பஞ்சநாதம் கேட்டார். "நீ என்னா செஞ்ச?"

"கோடு கிழிச்சேன், நாட்டாரே. தண்ணி போச்சு."

"எடம் எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பத்தொம்போது நாளும் பாத்துக்கிட்டுதான் இருந்தியா?" என்றான் கலியமூர்த்தி, டீக்கடை போன வயிற்றெரிச்சலில். "நாங்க எல்லாம் இந்தப் பக்கம் கெடக்குறப்போ அங்க ஒத்தையில என்னா பண்ணுன? தெறக்கத் தெரிஞ்சவனுக்கு அடைக்கத் தெரியாதா?"

கூட்டம் தலையாட்டியது. வைரக்கண்ணு சுற்றிப் பார்த்தார். எல்லோர் முகத்திலும் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, மீனின் செவுளைப் புரட்டும் பார்வை. அவர்கள் இடத்தில் தான் இருந்திருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பார் என்பதால் அவருக்குக் கோபம் வரவில்லை. அவரைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், கரைப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். தெருக்கோடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோகிலம் அவருக்காகப் பேச வாயெடுத்தாள். வேண்டாம் அண்ணி என்று அவர் கையை அசைத்தார்.

வீட்டில் தண்ணீர் வடிந்து போன தரையில் நாலு விரல் சேறு கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலைத் தரைக்கு இறக்கினார், ஒரு பழைய துணியால் சேற்றை வழித்து வாளியில் பிழிந்தார். அஞ்சலை கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க."

"ம்."

"ஊருல பேசிக்கிறாங்க."

"பேசட்டும்."

"அடைச்சது நீங்களா இருந்தாலும் என்னா காரணம்னு எனக்குத் தெரியும்." நல்ல கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். "நானு இப்படி விழுந்து கெடக்குறேன், எத்தினி நாளைக்குத்தான் தூக்கிச் சொமப்பீங்க, தண்ணி வந்து கொண்டு போவட்டும்னு நெனச்சிருப்பீங்க, அப்பறம் மனசு கேக்காம தெறந்து வுட்டுட்டீங்க. அப்படித்தானே? சொல்லுங்க, நானு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை, மன்னித்துவிட்ட பிரியந்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் அத்தாட்சி கேட்ட மனுஷன் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். காட்டுவதற்கு ஒரு மண்வெட்டி கூட இல்லை, அந்தக் கோட்டையும் தண்ணீர் அன்றைக்கே கொண்டு போயிருந்தது. இல்லை அஞ்சலை, இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அவள் சரி சரி என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள், அவர் துணியை மறுபடி சேற்றில் போட்டு வழிக்க ஆரம்பித்தார்.